நான்கு ஜோடியில் இரண்டு மட்டும்: லேன் கேபிள் ஏன் 100-இல் நின்றுவிடுகிறது

வீட்டில் 200 அல்லது 300 எம்பிபிஎஸ் பிளான். வேகச் சோதனை போட்டால் எப்போது பார்த்தாலும் 93, 94, 94.5. காலையிலும் அதுதான், நள்ளிரவிலும் அதுதான். இந்த எண் இப்படி அசையாமல் நின்றால், சேவை தரும் நிறுவனத்தின் பக்கம் போவதற்கு முன்னால் வீட்டுக்குள் ஓடும் லேன் கேபிளைப் பார்க்க வேண்டும். வெளியே நெரிசல் இருந்தால் வேகம் ஏறும், இறங்கும். இரவு எட்டு மணிக்கு ஒன்று, விடியற்காலையில் ஒன்று என்று இருக்கும். 94-இல் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது என்றால், வழியில் எங்கோ ஓர் இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸில் ஓடுகிறது என்று அர்த்தம்.

94 என்ற எண்ணுக்குக் கணக்கு இருக்கிறது. ஒரு முழுப் பாக்கெட்டில் நம்முடைய தரவு 1460 பைட். அதோடு முகவரித் தலைப்புகள், பிழை சரிபார்க்கும் எண், ஒரு பாக்கெட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி எல்லாம் சேர்ந்து, கம்பியில் 1538 பைட்டுக்கான நேரம் போகும். 1460-ஐ 1538-ஆல் வகுத்தால் 0.949. ஆக 100-இல் நம் கைக்கு வருவது ஏறத்தாழ 94, அதிகம் போனால் 95. வீட்டுக்குள்ளேயே ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் பெரிய ஃபைல் நகலெடுத்தாலும் நொடிக்கு 11 மெகாபைட்டைச் சுற்றித்தான் நிற்கும். கிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ் இணைப்பாக இருந்தால் அதே ஃபைல் நொடிக்கு 110 மெகாபைட்டுக்கு மேல் போகும்.

இப்படி ஆவதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். அவற்றில் அதிகம் கண்ணில் படாமல் போவது, கேபிள் நுனியில் இருக்கும் கனெக்டரைச் சரியாகக் கிரிம்ப் செய்யாததுதான், அதாவது கம்பிகளோடு சரியாக அழுத்திப் பொருத்தாததுதான். உள்ளே எட்டுக் கம்பி, நான்கு ஜோடி. அதில் இரண்டு ஜோடி மட்டும் ஒழுங்காகத் தொட்டுக்கொண்டிருந்தால் இணைப்பு கிடைக்கும், விளக்கு எரியும், இணையம் வரும். வேகம் மட்டும் பத்தில் ஒரு பங்கு. முழுதாக அறுந்திருந்தால் அன்றைக்கே ஆளைக் கூப்பிட்டுச் சரிசெய்திருப்போம். பாதி வேலை செய்வதால், வருடக்கணக்கில் அப்படியே விட்டுவிடுகிறோம்.

ஏன் இரண்டு ஜோடி இருந்தாலே போதும் என்று ஆகிறது? அதற்குக் கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டும். லேனில் கருவிகள் பேசிக்கொள்ளும் முறைக்குப் பெயர் ஈதர்நெட். அதை முறுக்குக் கம்பியில் ஓட்டும் 10 எம்பிபிஎஸ் தரம் 1990-இல் வந்தது. அலுவலகச் சுவர்களில் அப்போது தொலைபேசிக்காகப் போட்ட கம்பிகள் இருந்தன. தொலைபேசி இணைப்பு கனெக்டரின் நடுவில் இருக்கும் இரண்டு முனைகளில் வரும். எட்டு முனைக் கனெக்டரில் அவை 4-ஆம், 5-ஆம் முனைகள். ஈதர்நெட் அந்த இரண்டையும் தொடாமல் ஒதுங்கிக்கொண்டது. 1, 2 முனைகளில் ஒரு ஜோடி அனுப்புவதற்கு. 3, 6 முனைகளில் ஒரு ஜோடி வாங்குவதற்கு. நடு ஜோடியைத் தாண்டி 3-உம் 6-உம் கைகோத்திருக்கும் இந்த விசித்திரமான அமைப்புக்கு அதுதான் மூலம். 1995-இல் 100 எம்பிபிஎஸ் வந்தபோதும் பரவலாக நிலைத்த தரம் இதே இரண்டு ஜோடியைத்தான் எடுத்துக்கொண்டது. 4, 5, 7, 8 முனைகள் சும்மா கிடந்தன.

அந்தக் காலத்தில் வேலை பழகியவர்கள் பலர் நான்கு கம்பியை மட்டும் கிரிம்ப் செய்தார்கள். ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் போதும் என்பது அன்றைக்குச் சரியான பேச்சுதான். சிலர் ஒரே கேபிளைப் பிரித்து இரண்டு கணினிக்குக் கொடுத்தார்கள், அதுவும் ஓடியது. கேமரா போடும் இடங்களில் இன்றும் இந்தப் பழக்கத்தைப் பார்க்கலாம். கேமராவுக்கு 100 தாராளம் என்பதால் அங்கே யாருக்கும் குறை தெரிவதில்லை. அதே கை, அதே பழக்கத்தோடு வீட்டு இணையக் கேபிளுக்கு வரும்போதுதான் பிரச்சினை ஆரம்பிக்கிறது.

1999-இல் வந்த கிகாபிட் தரம் வேறு வழியில் போயிற்று. நான்கு ஜோடியும் வேண்டும், நான்கிலும் ஒரே நேரத்தில் இரு திசையிலும் தரவு போகும். ஒவ்வொரு ஜோடியிலும் நொடிக்கு 12.5 கோடி குறிகள் அனுப்பப்படுகின்றன. ஒவ்வொரு குறியும் ஐந்து மின்னழுத்த அளவுகளில் ஏதோ ஒன்று. அது இரண்டு பிட்டைச் சுமக்கும். ஆக ஒரு ஜோடிக்கு 250, நான்கு ஜோடிக்கு 1000. ஒவ்வொரு பைட்டும் இந்த நான்கு ஜோடியிலும் சேர்ந்தே பரவிப் போகிறது, பிழையிலிருந்து காப்பதற்கான குறியாக்கமும் நான்கையும் ஒன்றாகப் பின்னியே செய்யப்பட்டிருக்கிறது. நான்கு பேர் நான்கு காலைப் பிடித்துத் தூக்கும் கட்டில் மாதிரி இது. ஒருவர் கையை விட்டால் மீதி மூவர் முக்கால்வாசிக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

அதனால்தான் இரண்டு ஜோடி இருந்தால் 500, மூன்று இருந்தால் 750 என்று கணக்குப் போட முடிவதில்லை. மூன்று ஜோடி நன்றாக இருந்து, 4-5, 7-8 ஜோடிகளில் ஒன்று மட்டும் போனாலும் கிடைப்பது 100-தான். பொதுத் தரத்தில் நடுவே வேறு படி கிடையாது. ரியல்டெக் நிறுவனம் தன் சிப்புகள் சிலவற்றில் இரண்டு ஜோடியில் 500 எம்பிபிஎஸ் ஓட்டும் தனி வசதி வைத்திருக்கிறது. ஆனால் இரு முனையிலும் அந்த வசதி உள்ள சிப் இருக்க வேண்டும், அதனால் அதை நம்பி எதையும் திட்டமிட முடியாது. புதிதாக வரும் 2.5 கிகாபிட் போர்ட்டுக்கும் நான்கு ஜோடி கட்டாயம்.

சரி, நான்கு ஜோடி இல்லாமல் கிகாபிட் ஓடாது என்றால், இணைப்பே கிடைக்காமல் போக வேண்டுமல்லவா? விளக்கு எப்படி எரிகிறது? இந்தக் குறை இத்தனை நாள் ஒளிந்திருப்பதற்குக் காரணமே இங்கேதான் இருக்கிறது.

கேபிளைச் சொருகியதும் இரு பக்கச் சாதனங்களும் தங்களால் எந்தெந்த வேகத்தில் ஓட முடியும் என்று ஒன்றுக்கொன்று தெரிவித்துக்கொள்கின்றன. குறுகிய மின்துடிப்புகளைக் கொத்துக் கொத்தாக அனுப்பி இதைச் செய்கின்றன. பழைய 10, 100 சாதனங்களோடும் பேச வேண்டும் என்பதால், இந்தப் பேச்சு நடப்பது பழைய இரண்டு ஜோடியில் மட்டும்: 1-2, 3-6. மீதி இரண்டான நீல ஜோடியும் பழுப்பு ஜோடியும் இருக்கிறதா இல்லையா என்பது இந்தக் கட்டத்தில் யாருக்கும் தெரியாது. இரண்டு பக்கமும் ‘எனக்கு 1000 தெரியும்’ என்று சொல்கின்றன, 1000-க்கே ஒப்பந்தமும் ஆகிறது. பேச்சுவார்த்தை இரண்டு ஜோடியில் முடிந்துவிடுகிறது, வேலையோ நான்கில் நடக்க வேண்டும்.

ஒப்பந்தம் ஆனதும் இரு பக்கமும் நான்கு ஜோடியிலும் பயிற்சிச் சைகை அனுப்பி, எதிரொலி எவ்வளவு, ஜோடிகளுக்கு நடுவே தாமத வித்தியாசம் எவ்வளவு என்று அளந்து தங்களைச் சரிசெய்துகொள்ளப் பார்க்கும். இரண்டு ஜோடியில் எதுவும் வராததால் அது முடியாது. திரும்பவும் ஆரம்பத்திலிருந்து பேசும், திரும்பவும் 1000 என்று முடிவாகும், திரும்பவும் தோற்கும். இன்றைய சிப்புகளில் பெரும்பாலானவை சில முறை தோற்றதும் தானாகவே 1000-ஐக் கைவிட்டு 100-க்கு இறங்கிவிடும். இதை டவுன்ஷிஃப்ட் என்பார்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர் மாறும், வேலை ஒன்றுதான். கேபிளைச் சொருகினால் விளக்கு வருவதற்கு வழக்கத்தைவிடச் சில நொடி கூடுதலாக ஆகும். கவனித்துப் பார்ப்பவருக்கு அதுவே முதல் தடயம்.

டவுன்ஷிஃப்ட் வசதி இரு பக்கமும் இல்லாவிட்டாலோ அணைத்து வைக்கப்பட்டிருந்தாலோ, விளக்கு வந்து வந்து போகும், அல்லது வரவே வராது. இதிலிருந்து ஒரு குழப்பமும் பிறக்கிறது. பல கருவிகளை லேனில் இணைக்கும் பெட்டியைச் சுவிட்ச் என்பார்கள். பழைய 100 சுவிட்சில் சொருகினால் ஓடும் கேபிள், புது கிகாபிட் சுவிட்சில் சொருகினால் ஓடாது. பார்ப்பவர் புது சுவிட்ச்தான் கெட்டது என்று கடைக்குத் திருப்பி எடுத்துப் போவார். கெட்டது கேபிள், அதுவும் நாள்பட்டது. பழைய சுவிட்ச் அந்த இரண்டு ஜோடியைக் கேட்டதே இல்லை, அவ்வளவுதான்.

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எட்டுக் கம்பியில் 1, 2, 3, 6 ஆகியவற்றில் ஏதாவது ஒன்று தொடாவிட்டால் பேச்சுவார்த்தையே நடக்காது, இணைப்பு வராது, குறை உடனே தெரிந்துவிடும். 4, 5, 7, 8-இல் ஏதாவது ஒன்று தொடாவிட்டால் இணைப்பு வரும், 100-இல் வரும். அதாவது கிரிம்ப் செய்பவர் எங்கோ ஒரு கம்பியை விட்டுவிட்டார் என்றால், அது அப்போதே பிடிபடுமா, மறைந்திருக்குமா என்பது சரிக்குச் சரி வாய்ப்பு. வேலை முடித்தவர் விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டு, போனில் ஒரு வீடியோ ஓட்டிக் காட்டிவிட்டுக் கிளம்பினால் மறைந்திருப்பது மறைந்தே இருக்கும்.

அதைக் கண்டுபிடிக்கும் வழிக்கு வருவோம். விண்டோஸில் நெட்வொர்க் அமைப்புகளுக்குள் `Link speed (Receive/Transmit)` என்ற வரி இருக்கும். அங்கே `100/100 (Mbps)` என்றிருந்தால் இணைப்பு 100-இல் ஓடுகிறது. ஆனால் ஏன் 100 என்று அது சொல்லாது. எதிர்ப் பக்கத்துப் போர்ட்டே 100-தான் என்றாலும் இதே எண்தான் காட்டும். விலை குறைந்த ரூட்டர்களில் எல்லாப் போர்ட்டும் 100-ஆகவே இருக்கும். சில ஃபைபர் மோடம்களில் ஒரு போர்ட் மட்டும் கிகாபிட், மற்றவை 100. கேபிளைத் தவறான போர்ட்டில் சொருகியதாலும் 94 வரலாம். மடிக்கணினிக்கு மாட்டும் பழைய யூஎஸ்பி லேன் அடாப்டரும் 100-ஆக இருக்கலாம்.

லினக்ஸ் ஓடும் ஒரு மடிக்கணினி கையில் இருந்தால் இந்தக் குழப்பம் தீரும். கேபிளைச் சொருகிவிட்டு இப்படிக் கேட்கலாம் (`enp3s0` இருக்கும் இடத்தில் அவரவர் கணினியின் பெயர் வரும்):

```
$ sudo ethtool enp3s0
  Link partner advertised link modes:
        10baseT/Half 10baseT/Full
        100baseT/Half 100baseT/Full
        1000baseT/Full
  Speed: 100Mb/s
  Duplex: Full
  Auto-negotiation: on
  Link detected: yes
```

இதில் பார்க்க வேண்டியது இரண்டு வரிதான். எதிர்ப் பக்கம் `1000baseT/Full` தெரியும் என்று சொல்லியிருக்கிறது. ஆனாலும் `Speed` 100. நம் பக்கத்து அட்டையும் கிகாபிட் என்றால், இருவருக்கும் 1000 தெரிந்தும் 100-இல் நிற்பதற்கு நடுவில் இருக்கும் கேபிளைத் தவிர வேறு காரணம் தேட வேண்டியதில்லை. மாறாக, எதிர்ப் பக்கத்துப் பட்டியலில் 1000 இல்லவே இல்லை என்றால், அந்தப் போர்ட் 100-ஆக இருக்கவே வாய்ப்பு அதிகம். இங்கே ஒரு எச்சரிக்கை: சில சிப்புகள் தோற்று இறங்கும்போது 1000-ஐத் தம் பட்டியலிலிருந்தே எடுத்துவிடும். அதனால் 1000 இருந்தால் அது உறுதியான சாட்சி, இல்லாவிட்டால் தீர்ப்பு சொல்ல அவசரப்படக் கூடாது. கர்னல் பதிவில் சில வேளைகளில் நேரடியாகவே வந்துவிடும்:

```
Downshift occurred from negotiated speed 1Gbps to actual speed 100Mbps, check cabling!
```

கேபிளைப் பார் என்று கணினியே சொல்கிறது. கர்னல் பதிவைக் காட்டும் `dmesg` கட்டளையைப் பார்க்கும் பழக்கம் இல்லாததால் எத்தனையோ பேர் இந்த வரியைப் பார்த்ததே இல்லை.

இதையெல்லாம் ஒரு வீட்டில் வைத்துப் பார்ப்போம். திருச்சியில் நண்பர் ஒருவரின் மாடி வீடு. கீழே கூடத்தில் ஃபைபர் மோடம், மேலே அறையில் ரூட்டர், நடுவே சுவருக்குள் பைப்பில் போன ஏறத்தாழ 20 மீட்டர் கேட்6 கேபிள். பிளான் 300. கீழே மோடத்தின் வைஃபையில் 280, 290 என்று வருகிறது. மேலே எந்தக் கருவியில் பார்த்தாலும் 94. ரூட்டரை மாற்றினார், மாறவில்லை. நிறுவனத்தைக் கூப்பிட்டார், வந்தவர் மோடத்தில் 300 வருவதைக் காட்டிவிட்டுப் போனார். அவர் சொன்னது சரிதான். மோடம் வரைக்கும்தான் அவர் பொறுப்பு.

முதலில் கேபிளையும் போர்ட்டையும் பிரித்துப் பார்த்தோம். இரு நுனியிலும் கனெக்டரோடு கடையில் கிடைக்கும் பேட்ச் கார்டு என்ற ஒரு மீட்டர் கேபிளால் மடிக்கணினியை மோடத்தில் நேரே சொருகினால் `Speed: 1000Mb/s`. ஆக மோடத்தின் போர்ட் நல்லது, மடிக்கணினியும் நல்லது. மோடத்தில் அதே போர்ட்டில் சுவர்க் கேபிளைச் சொருகி, மாடியில் அதன் மறு நுனியை மடிக்கணினியில் சொருகினால் `Speed: 100Mb/s`, எதிர்ப் பக்கப் பட்டியலில் 1000 இருக்கிறது. ரூட்டருக்கு இதில் பங்கில்லை என்பது அங்கேயே தெளிவாகிவிட்டது.

அப்புறம் கேபிள் டெஸ்டர். எலக்ட்ரிகல் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரணக் கருவிதான். ஒரு பெட்டி கீழே, ஒரு பெட்டி மேலே, ஒவ்வொன்றிலும் 1 முதல் 8 வரை விளக்கு. சுவிட்சைப் போட்டதும் மேலே உள்ள பெட்டியில் 1, 2, 3 எரிந்தது. 4 எரியவில்லை. 5, 6 எரிந்தது. 7, 8 எரியவில்லை. அதாவது ஐந்து கம்பி தொடுகிறது, ஆனால் ஜோடி என்று பார்த்தால் 1-2, 3-6 இரண்டு மட்டும். 5-ஆம் கம்பி நன்றாக இருந்தும் பயனில்லை, அதன் துணையான 4 இல்லாததால் நீல ஜோடி முழுதாகப் போய்விட்டது. டெஸ்டரில் விளக்கை எண்ணினால் போதாது, ஜோடியாக எண்ண வேண்டும்.

எந்த நுனியில் குறை? டெஸ்டர் அதைச் சொல்லாது. தூரம் அளக்கும் விலை உயர்ந்த கருவி இருந்தால் அறுபட்ட இடம் எத்தனை மீட்டரில் என்று காட்டும். சில நெட்வொர்க் சிப்புகளிலும் அந்த வசதி உள்ளேயே இருக்கிறது. `ethtool --cable-test` என்று கேட்டால் ஜோடி வாரியாகச் சொல்லும், ஆதரிக்காத சிப் என்றால் மறுத்துவிடும். அந்த மடிக்கணினி மறுத்துவிட்டது. கண்ணையே நம்ப வேண்டியிருந்தது.

ஆர்ஜே45 கனெக்டர் கண்ணாடி மாதிரி இருப்பதில் பெரிய வசதி உண்டு. கைப்பேசி டார்ச்சை அடித்து நுனியை நேருக்கு நேர் பார்த்தால், எட்டுக் கம்பியும் கடைசி வரை வந்திருந்தால் எட்டுச் செம்புப் புள்ளிகள் வரிசையாகத் தெரிய வேண்டும். கீழ் நுனியில் எட்டும் தெரிந்தன. மேல் நுனியில் ஆறு. பழுப்பு ஜோடி இருந்த ஓரத்தில் இரண்டு இடம் காலி. பக்கவாட்டில் பார்த்தபோது அந்த இரண்டு கம்பியும் பிளேடுக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்னாலேயே நின்றிருந்தன. கம்பிகளை வரிசையாக அடுக்கி வெட்டும்போது வெட்டு சாய்வாகப் போயிருக்கிறது. 1-ஆம் பக்கம் நீளம், 8-ஆம் பக்கம் குட்டை. உள்ளே தள்ளும்போது நீளமான பக்கம் முட்டி நின்றுவிட, குட்டையான பக்கம் எட்டவில்லை. 4-ஆம் கம்பி கடைசி வரை வந்திருந்தது. ஆனால் அதன் மேலுள்ள தங்க நிறப் பிளேடு மட்டும் மற்றவற்றைவிடத் துளி உயரமாக நின்றது. அது கம்பியின் உறைக்குள் இறங்கவே இல்லை.

இந்த இரண்டு குறையும் ஏன் வருகின்றன என்று புரிய, கனெக்டர் எப்படித் தொடுகிறது என்று தெரிய வேண்டும். தனித்தனிக் கம்பிகளின் பிளாஸ்டிக் உறையை நாம் உரிப்பதில்லை. கிரிம்பிங் டூலை அழுத்தும்போது எட்டுப் பிளேடுகளும் கீழே இறங்கி, உறையைக் குத்திக் கிழித்துச் செம்பைத் தொடுகின்றன. ஆகவே கம்பி பிளேடுக்கு அடியில் இருக்க வேண்டும், பிளேடு முழுதாக இறங்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் வெளிப்பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருக்கும்.

பிளேடு இறங்காததற்குத் தேய்ந்துபோன டூல் ஒரு காரணம். கேட்6 கம்பி கேட்5இ கம்பியைவிடத் தடிமன். கேட்5இ கனெக்டரை அதற்குப் போட்டால் கம்பிகள் உள்ளே இறுகி, சில வரிசை மாறி மேலே ஏறிக்கொள்ளும். சுவருக்குள் போகும் கேபிளில் ஒற்றைத் தடிக் கம்பி, பேட்ச் கார்டில் பல இழை. இரண்டுக்கும் பிளேடு வடிவம் வேறு. இழைக் கம்பிக்கான பிளேடு நடுவில் குத்தி இறங்கும், தடிக் கம்பிக்கானது இரு பக்கமும் கவ்வும். இதை மாற்றிப் போட்டால் இன்றைக்குத் தொடும், சில மாதங்களில் விட்டுவிடும். விலை குறைந்த கேபிள்களில் வரும் செம்பு பூசிய அலுமினியக் கம்பியோ, இரண்டு முறை வளைத்தாலே கனெக்டரின் வாயில் ஒடிந்துபோகும். இத்தகைய கேபிளில் நேற்று 1000, இன்று 100 என்று மாறி மாறி வருவது சகஜம்.

நண்பர் வீட்டில் சரிசெய்ய வேண்டியது மேல் நுனி மட்டும். பழைய கனெக்டரை வெட்டி எறிந்துவிட்டு, மேலுறையை ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் உரித்தோம். நான்கு ஜோடியையும் பிரித்து, வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்று அடுக்கினோம். டி568பி என்று சொல்லும் வரிசை இது. கீழ் நுனியில் என்ன வரிசையோ அதையே மேலேயும் போட வேண்டும் என்பதால் முதலில் அதைப் பார்த்துக்கொண்டோம். கம்பிகளை விரலால் நீவி நேராக்கி, ஒட்டிப் பிடித்து, மேலுறையிலிருந்து 13 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் ஒரே வெட்டில் செங்குத்தாக வெட்ட வேண்டும். முறுக்குப் பிரிந்த நீளம் கூடினால் ஜோடிகள் ஒன்றோடொன்று குறுக்கிடும் என்பதற்காக அந்த அளவு. இன்னொரு பயனும் உண்டு: இந்த அளவுக்கு வெட்டினால்தான் மேலுறையும் கனெக்டருக்குள் போய், பின்னால் உள்ள பிளாஸ்டிக் கட்டை அதன்மேல் அழுந்தும். மேலுறை வெளியே நின்றால் இழுக்கும் விசையெல்லாம் எட்டு மெல்லிய கம்பிமேல் விழும்.

கனெக்டரைத் தள்ளியதும் அழுத்திவிடக் கூடாது. முன்னால் எட்டுச் செம்புப் புள்ளி தெரிகிறதா, வரிசை மாறவில்லையா என்று பார்த்த பிறகுதான் டூலில் வைக்க வேண்டும். இந்தச் சில நொடிப் பார்வையைத் தவிர்ப்பதால்தான் முக்கால்வாசிக் குறைகள் வருகின்றன என்பது என் எண்ணம். அழுத்திய பிறகு பிளேடுகள் எட்டும் ஒரே மட்டத்தில், பள்ளத்துக்குள் இறங்கி நிற்கின்றனவா என்று பக்கவாட்டில் ஒரு பார்வை. டெஸ்டரில் 1 முதல் 8 வரை வரிசையாக எரிந்தது. மடிக்கணினி 1000 என்றது. ரூட்டரை மாட்டி வேகச் சோதனை போட்டபோது மாடியிலும் 290-ஐத் தொட்டது.

டெஸ்டரை முழுதாக நம்ப முடியாத ஓர் இடமும் இருக்கிறது, சொல்லாமல் விடக் கூடாது. சிலர் நிற வரிசை தெரியாமல், ஜோடி ஜோடியாக அடுக்கிவிடுவார்கள்: ஆரஞ்சு ஜோடி 1-2, பச்சை ஜோடி 3-4, நீலம் 5-6, பழுப்பு 7-8. இரண்டு நுனியிலும் அதே மாதிரி. டெஸ்டரில் எட்டு விளக்கும் ஒழுங்காக எரியும், ஏனென்றால் எந்தக் கம்பியும் அறவில்லை, எதுவும் இடம் மாறவில்லை. ஆனால் ஈதர்நெட்டுக்கு 3-உம் 6-உம் ஒரு ஜோடி. இப்போது 3-இல் இருப்பது பச்சை ஜோடியின் கம்பி, 6-இல் இருப்பது நீல ஜோடியின் கம்பி. இரண்டும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு வரவில்லை. ஒரு சைகையின் இரண்டு பாதியும் சேர்ந்து முறுகி வந்தால்தான் வெளி இரைச்சல் இரண்டிலும் சமமாக விழுந்து, மறுமுனையில் கழிந்துபோகும். பிரிந்து வந்தால் கழியாது, பக்கத்து ஜோடியின் சைகையும் உள்ளே கசியும்.

இந்தப் பிரிந்த ஜோடி ஓரிரு மீட்டர்க் கேபிளில் தப்பித்துவிடலாம். நீளம் கூடக்கூட கிகாபிட் பயிற்சி தோற்று 100-க்கு இறங்கும், இன்னும் நீளமானால் 100-லேயே பிழைகள் குவியும். ஆக எட்டு விளக்கும் எரிந்து, வேகம் மட்டும் 100-இல் நின்றால், இரண்டு நுனியிலும் நிற வரிசையைப் பார்க்க வேண்டும். டி568பி வரிசை என்றால், பச்சை ஜோடி நீல ஜோடியின் இரு பக்கமும் பிரிந்து உட்கார்ந்திருக்கிறதா என்பதே கேள்வி.

ஒரு நுனியை மாற்றியும் சரியாகவில்லை என்றால் மறு நுனியை மாற்றலாம். அதற்கு மேல் குறை சுவருக்குள். எலி கடித்தது, ஆணி இறங்கியது, நடுவில் யாரோ முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் என்று எதுவாகவும் இருக்கலாம். பைப்பில் இடம் இருந்தால் பழைய கேபிளின் நுனியில் புதியதைக் கட்டி இழுத்துவிடுவது, குறையைத் தேடுவதைவிடச் சீக்கிரம் முடியும். வாங்கும்போது உள்ளே எட்டுக் கம்பி இருக்கிறதா, முழுச் செம்பா என்று கேட்டு வாங்க வேண்டும். சில கருவிகளோடு பெட்டியில் வரும் மெல்லிய கேபிள்களில் நான்கு கம்பி மட்டுமே இருக்கும். அவற்றில் கிரிம்பிங் குற்றம் எதுவும் இல்லை, அதற்கு மேல் வேகம் வரவும் வராது.

கேபிளை மாற்றும் வரை 100-இலேயே ஓட்ட வேண்டியிருந்து, இணைப்பு வந்து வந்து போகிறது என்றால், 1000-ஐப் பேச்சிலிருந்தே எடுத்துவிடலாம்:

```
$ sudo ethtool -s enp3s0 speed 100 duplex full autoneg on
```

இதில் `autoneg on` என்பது முக்கியம். பேச்சுவார்த்தை நடக்கும், ஆனால் நம் பக்கம் 100-ஐ மட்டும் சொல்லும். அதை `off` செய்து 100-ஐக் கட்டாயமாக்கினால், எதிர்ப் பக்கத்துக்கு நம்மிடமிருந்து எந்தத் தகவலும் வராது. அது வேகத்தை மட்டும் சைகையிலிருந்து ஊகித்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒரு திசை என்ற அரை டூப்ளெக்ஸில் நின்றுவிடும். நாம் முழு டூப்ளெக்ஸில் அனுப்ப, அது மோதல் என்று எண்ணி நிறுத்த, 100 எம்பிபிஎஸ் இணைப்பு அதில் சின்னப் பங்குக்குச் சரிந்துவிடும். இரண்டு ஜோடிக் கேபிளில் 94 கிடைத்துக்கொண்டிருந்த இடத்தில், கைவைத்ததால் ஐந்தும் பத்துமாக ஆன வீடுகளும் உண்டு.

இன்னொரு சிக்கல், கேபிள் வழியாகவே மின்சாரம் எடுக்கும் கருவிகளில் வரும். கேமராவுக்கும் கூரையில் வைக்கும் வைஃபை பெட்டிக்கும் மின்சாரம் தரும் சாதனங்களில் ஒரு வகை 1-2, 3-6 வழியாகவும், இன்னொரு வகை 4-5, 7-8 வழியாகவும் அனுப்பும். விலை குறைந்த இன்ஜெக்டர்களில் பெரும்பாலும் இரண்டாவது வகைதான். நீலமும் பழுப்பும் தொடாத கேபிளில் அதை மாட்டினால் கருவிக்கு உயிரே வராது. அதே கேபிளைக் கருவிக்குத் தனி அடாப்டர் கொடுத்து ஓட்டினால் 100-இல் நன்றாக ஓடும். கருவி கெட்டுவிட்டது என்று முடிவு செய்வதற்கு முன்னால், கனெக்டரின் நுனியில் டார்ச் அடித்து நடுவிலும் ஓரத்திலும் உள்ள அந்த நான்கு செம்புப் புள்ளிகளைத் தேடிப் பார்ப்பது நல்லது.